சில்லில் ஒரு பை, கணக்கில் ஒரு பை

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலுக்காகப் பக்தர்களும், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டைக்காகத் தொழிலாளர்களும் வந்து சேரும் ஊர். அந்தத் தொழிலாளர்களில் நம் தமிழ் இளைஞர்களும் கணிசமாக உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் நகருக்குள் குடியிருந்துகொண்டு, மெட்ரோ ரயிலில் ராம்வாடி வரை வந்து, அங்கிருந்து தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் ரூபி ஹால் கிளினிக்கிலிருந்து ராம்வாடி வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகே இந்த வசதி கிடைத்தது. அதனுடன் சேர்ந்து அவர்களுடைய சட்டைப்பையில் ஒரு பயண அட்டையும் இடம்பிடித்தது.

அந்த அட்டையைப் பற்றி இரண்டு இளைஞர்கள் ஒரே வாரத்தில் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார்கள். இருவருமே விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள். ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். ஒருவர் அட்டையைத் தொலைத்துவிட்டார். மற்றவருடைய அட்டை கையிலேயே இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. இரண்டு அட்டைகளும் நம் வங்கி வழங்கியவை அல்ல. இருந்தாலும் சம்பளக் கணக்கு நம்மிடம் இருப்பதால், ‘பணம்’ என்றால் இங்கேதான் கேட்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் தரக்கூடிய மதிப்பு, நடந்ததை முழுமையாக விளக்குவதுதான். விளக்கியபோது எனக்கே சில கேள்விகள் எழுந்தன. அவற்றை வாசகர்கள் முன் வைக்கவே இந்தக் கட்டுரை.

ஓர் அட்டை, இரண்டு இருப்புகள்

முதலாமவர் தம் கதையைத் தொடங்கினார். “சார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செயலியில் ஆயிரம் ரூபாய் போட்டேன். திங்கட்கிழமை காலையில் அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. இருப்பு போதாது என்று வருகிறது. பணம் எங்கே போனது?”

பணம் எங்கும் போகவில்லை. அது இன்னும் அட்டைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அகமதாபாத்தில் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய பொது இயக்க அட்டை, ரூபே தொழில்நுட்பத்தில் இயங்குவது. ஒரே அட்டையைக் கொண்டு வெவ்வேறு நகரங்களின் மெட்ரோவிலும் பேருந்திலும் பயணம் செய்யலாம் என்பது அதன் நோக்கம். சென்னை வாசகர்கள் அறிந்த ‘சிங்காரச் சென்னை’ அட்டையும் இந்த வகைதான். இந்த அட்டைக்கு இரண்டு பணப்பைகள் உண்டு. ஒன்று, அட்டையை வழங்கிய வங்கியின் கணினியில் இருக்கும் கணக்கு. மற்றொன்று, அட்டையின் மீது பொன்னிறத்தில் தெரிகிற சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் தொகை. செயலியிலோ இணையத்திலோ நாம் பணம் செலுத்தினால் அது முதற்பையில் போய்ச் சேரும். நிலையத்தின் கதவு பார்ப்பதோ இரண்டாவது பையை மட்டும்தான்.

முதற்பையிலிருந்து இரண்டாவது பைக்குப் பணத்தை நகர்த்துவதற்குத் தனியாக ஒரு செயல் தேவை. நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பிலோ அதற்கான இயந்திரத்திலோ அட்டையை வைத்து, ‘இருப்பைப் புதுப்பித்தல்’ என்னும் வேலையைச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் இயந்திரம் வங்கியின் கணினியுடன் தொடர்புகொண்டு, அனுமதி பெற்று, சில்லில் புதிய தொகையை எழுதுகிறது. முகப்பில் ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றுபவர்களுக்கு இந்த இரண்டு செயல்களும் ஒரே நேரத்தில் நடந்துவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. செயலியில் ஏற்றுபவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம்.

சில்லுக்குள் ஏன் பணத்தை வைக்க வேண்டும், எல்லாவற்றையும் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். காலை எட்டு மணிக்குக் கதவின் முன் நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் கதவு அரை நொடிக்குள் திறந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வங்கியின் கணினியைக் கேட்டு விடை பெறுவதென்றால் அந்த வேகம் கிடைக்காது. மண்டை, சுவார்கேட் போன்ற நிலத்தடி நிலையங்களிலும், ஓடிக்கொண்டிருக்கும் பேருந்திலும் எப்போதும் நல்ல இணைப்பு இருக்கும் என்று எண்ணவும் முடியாது. ஆகவே கதவு யாரையும் கேட்பதில்லை. சில்லுக்கும் கதவுக்கும் இடையிலேயே கணக்கு தீர்க்கப்படுகிறது. இவ்வாறு சில்லுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 2,000 ரூபாய்.

ஒரு பயணம் எவ்வாறு எழுதப்படுகிறது

உள்ளே நுழையும்போது அட்டையை வைத்தால் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை. எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு நுழைந்தார் என்பது மட்டும் சில்லில் குறிக்கப்படுகிறது. பயணத்துக்கான குறைந்தபட்ச இருப்பு உள்ளதா என்றும் பார்க்கப்படுகிறது. வெளியேறும் கதவுதான் அந்தக் குறிப்பைப் படித்து, தூரத்துக்கான கட்டணத்தைக் கணக்கிட்டு, சில்லிலிருந்து கழிக்கிறது. முன்னால் செல்பவரை ஒட்டி, அட்டையை வைக்காமலே வெளியேறிவிட்டால் பயணம் முடிவடையாததாகவே சில்லில் நிற்கும். மறுநாள் கதவு மறுக்கும். பலர் அதை அட்டையின் கோளாறு என்று நினைத்து வங்கிக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் நிலையத்தின் வாடிக்கையாளர் உதவி முகப்பு.

வெளியேறும் கதவு கட்டணத்தைக் கழித்தவுடன் அந்தத் தகவல் வங்கிக்குச் சென்றுவிடுவதில்லை. கதவு அதைச் சேமித்து வைத்து, மெட்ரோவின் மையக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பணம் பெறும் வங்கிக்கும், தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும், இறுதியாக அட்டையை வழங்கிய வங்கிக்கும் செல்கிறது. வழங்கிய வங்கி, தனக்கு வந்து சேர்ந்த பதிவுகளைக் கொண்டு, சில்லில் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறது. வங்கித் துறையில் இதை நிழல் இருப்பு என்கிறோம். உண்மையான இருப்பு சில்லில்; அதன் நிழல் வங்கியின் கணினியில். நிழல் சிறிது நேரம் பின்தங்கியே வரும். செயலியில் காணும் தொகையும் கதவில் காணும் தொகையும் வேறுபட்டால், சரியானது கதவில் காணும் தொகையே.

இனித் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். திங்கட்கிழமை காலையில் அவருடைய சில்லில் இருந்தது 12 ரூபாய். கணக்கில் இருந்தது, முந்தின இரவு அவர் போட்ட 1,000 ரூபாய். முகப்பில் இருந்தவர் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்க, இவர் 500 என்றார். சில்லில் 512, கணக்கில் 500 என்று ஆயிற்று. திங்கள் முதல் வியாழன் வரை போக வர எட்டுப் பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாய் என்று கொண்டால் 240 ரூபாய். வியாழன் மாலையில் சில்லில் எஞ்சியது 272. கணக்கில் அதே 500.

வெள்ளிக்கிழமை காலையில் அட்டையைக் காணவில்லை. செயலியைத் திறந்து பார்த்தபோது சில்லின் இருப்பு 302 என்று காட்டியது. வியாழன் மாலைப் பயணம் அதுவரை வந்து சேராததே காரணம். உதவி எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொன்னார். முடக்கினார்கள். சில நாள்களில் புதிய அட்டை வந்தது. கணக்கிலிருந்த 500 ரூபாய் அதில் அப்படியே இருந்தது. சில்லிலிருந்த 272 ரூபாய் வரவில்லை.

தொலைந்த அட்டை: ஏன் கிடைக்காது

“முடக்கிவிட்டோம் என்று சொன்னார்களே சார், பிறகு ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்?” என்றார் தம்பி.

முடக்கப்பட்டது கணக்குதான். சில்லு எங்கோ ஒருவர் கையில் இருக்கிறது. கதவு வங்கியைக் கேட்காமலே திறக்கும் என்று முன்பே பார்த்தோம். அப்படியானால், கண்டெடுத்தவர் அட்டையை வைத்தாலும் கதவு திறக்கக்கூடும். முடக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலைக் கதவுகளுக்கு அனுப்பும் முறை உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் எல்லா நகரங்களின் எல்லாக் கதவுகளுக்கும், ஒவ்வொரு நடத்துநரின் கையிலுள்ள கருவிக்கும் அதே நிமிடத்தில் போய்ச் சேரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 272 ரூபாயைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அதே 272 ரூபாய்க்கான பயணப் பதிவுகளும் மறுவாரம் வந்து சேர்ந்தால், வங்கி ஒரே பணத்தை இரண்டு முறை கொடுக்க நேரும். ஆகவேதான் சில்லில் உள்ள பணத்தை அட்டை வழங்குவோர் ரொக்கத்துக்குச் சமமாகக் கருதுகிறார்கள். பணப்பை தொலைந்தால் அதிலிருந்த நோட்டுகளுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை அல்லவா, அதே நிலைதான்.

இந்த விதி கடுமையானது. ஆயினும் அதில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அந்த நியாயம் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அவர் சில்லில் குறைவாகவும் கணக்கில் மிகுதியாகவும் வைத்திருப்பார். தம்பி முகப்பில் ‘500 போதும்’ என்று சொன்னது தற்செயல். ‘முழுவதும் ஏற்றுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அவர் இழந்திருக்கும் தொகை 772 ரூபாய்.

சிங்கப்பூர் சொன்ன பாடம்

சில்லில் பணம் வைக்கும் முறைக்கு மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. அட்டை வெறும் அடையாளமாக மட்டும் இருக்கும்; பணம் முழுவதும் மையக் கணக்கிலேயே இருக்கும். அட்டை தொலைந்தால் கணக்கை முடக்கிவிட்டுப் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் இந்த வழியில் செல்ல முயன்றது. பெரியவர்கள் பயன்படுத்திவந்த பழைய ‘ஈசி-லிங்க்’ அட்டைகளை 2024 ஜூன் மாதத்துக்குள் ‘சிம்ப்ளிகோ’ என்னும் கணக்கு முறைக்கு மாற்ற வேண்டும் என்று அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தது.

மக்கள் ஏற்கவில்லை. புதிய முறையில், கதவில் அட்டையை வைத்தால் எவ்வளவு பிடிக்கப்பட்டது, எவ்வளவு மீதி என்பது திரையில் தெரியாது; செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மீதியைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு, குறிப்பாக முதியோருக்கு, அது பெரும் குறையாகப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள், ஜனவரி 22ஆம் நாள், அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை தொடர்வதற்காகக் கூடுதலாக 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். மீதி எவ்வளவு என்று கதவிலேயே தெரிவது சில்லு முறையின் நன்மை. தொலைந்தால் பணம் மீளாதது அதன் விலை. கணக்கு முறையில் இது அப்படியே தலைகீழாகிறது. எந்த முறையும் இரண்டையும் முழுமையாகத் தருவதில்லை. நம் நாட்டு அட்டையில் இரண்டு பைகளும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அது நன்மை, தெரியாதவருக்குக் குழப்பம்.

பழுதான அட்டை: ஏன் கிடைக்க வேண்டும்

இனி இரண்டாவது இளைஞரின் கதை. இவருடைய அட்டை தொலையவில்லை. தொழிற்சாலை அடையாள அட்டையுடன் சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்காக, பயண அட்டையின் ஓரத்தில் ஒரு துளை போட்டார். அன்று மாலையிலிருந்து கதவு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

காரணம் எளிது. அட்டைக்குள் ஓரங்களை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாதபடி மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று ஓடுகிறது. கதவிலிருந்து வரும் காந்தப்புலத்தில் மின்சாரம் பெற்று, சில்லை எழுப்பிப் பேசவைப்பது அந்தச் சுருள்தான். துளை அந்தச் சுருளை வெட்டிவிட்டது. சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தகைய அட்டையை, தொட்டுச் செல்வதற்குப் பதிலாக, சில்லைச் செருகிப் படிக்கும் கருவியில் வைத்தால் படிக்க முடியும். அட்டை வழங்கிய நிறுவனத்தின் முகவர் அப்படித்தான் செருகிப் பார்த்திருக்கிறார். திரையில் 640 ரூபாய் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் மெட்ரோவின் கதவில் செருகும் வசதி கிடையாது. “பணம் இருக்கிறது, ஆனால் இந்த வகை அட்டைக்குத் திருப்பித் தர இயலாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“கண்ணால் பார்த்தேன் சார். அறுநூற்று நாற்பது ரூபாய். ஒரு நாள் கூலி” என்றார் அவர்.

‘இந்த வகை அட்டை’ என்றால் என்ன? 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, பொதுப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படும் முன்பண அட்டைகளை, கே.ஒய்.சி. எனப்படும் வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு இல்லாமலே வழங்கலாம் என்று அனுமதித்தது. நிலையத்தில் வரிசையில் நிற்பவர் ஆதார், புகைப்படம் எதுவும் இல்லாமல் நிமிடத்தில் அட்டை வாங்கிக்கொள்ளலாம். அந்த எளிமைக்கு ஈடாகச் சில வரம்புகள் விதிக்கப்பட்டன. எந்த நேரத்திலும் அட்டையில் 3,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. அட்டைக்குக் காலாவதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ, வேறிடத்துக்கு மாற்றவோ இயலாது. முழுமையான சரிபார்ப்புடன் வாங்கிய அட்டையின் நிலை வேறு. அதை முடித்துக்கொள்ளவும், கணக்கிலுள்ள மீதியைத் தம் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு. தொலைத்த தம்பியின் அட்டை இந்த இரண்டாவது வகை. துளையிட்ட தம்பியின் அட்டை முதல் வகை.

பெயரற்ற அட்டையில் பணத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பதன் நோக்கத்தை வங்கி அலுவலன் என்ற முறையில் நான் ஏற்கிறேன். யாரென்று தெரியாத ஒருவர் பணத்தைப் போட்டு, வேறொருவர் ரொக்கமாக எடுத்துச் செல்லும் வழியாக ஒரு பயண அட்டை மாறிவிடக் கூடாது. ஆனால் பழுதான அட்டையின் வழக்கு அதுவல்ல. தொலைந்த அட்டையில் மூன்று ஐயங்கள் எழுகின்றன: சில்லில் எவ்வளவு இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, இனியும் செலவாகுமா? பழுதான அட்டையில் இந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது. அட்டை முகப்பின் மீதே கிடக்கிறது. அதை வாங்கி வெட்டிவிட்டால் இனிச் செலவாகாது. இருப்பைச் சில்லே சொல்கிறது. சில்லும் பேசாவிட்டால் வங்கியின் நிழல் இருப்பு சொல்லும். மெட்ரோவிலிருந்தும் பேருந்திலிருந்தும் தாமதமாக வரும் பதிவுகளுக்காகச் சில நாள்கள் பொறுத்திருந்தால், நிழல் உண்மையைப் பிடித்துவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சில்லு ஒரு வரிசை எண் இடுகிறது. ஆகவே இடையில் ஒரு பதிவு வராமலிருந்தால் எண் தாவியிருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே என் கருத்து இது. பழுதான பெயரற்ற அட்டைக்கு ரொக்கம் தர வேண்டாம். வங்கிக் கணக்குக்கும் மாற்ற வேண்டாம். அதே வகையான, அதே 3,000 ரூபாய் வரம்புள்ள, பயணத்துக்கு மட்டுமே பயன்படும் புதிய அட்டையில் அந்த இருப்பை எழுதித் தரலாம். புதிய அட்டைக்கான விலையை வாங்கிக்கொள்ளட்டும். இதில் பணம் பயணத்துறையை விட்டு வெளியே போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிறது, அவ்வளவே. கிழிந்த ரூபாய் நோட்டை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமை நம் நாட்டில் எவருக்கும் உண்டு. அந்த நோட்டிலும் யார் பெயரும் எழுதப்பட்டிருப்பதில்லை. சில்லில் உள்ள பணத்தை ரொக்கம் போன்றது என்று சொல்லித்தானே தொலைந்தால் தர மறுக்கிறோம்? அப்படியானால் கிழிந்த ரொக்கத்துக்குரிய மரியாதையையும் அதற்குத் தர வேண்டும்.

பழுதான அட்டையை மாற்றித் தருவது ‘பணமாற்றம்’ என்ற தடைக்குள் வராது என்று ரிசர்வ் வங்கி ஒரு வரியில் தெளிவுபடுத்தினால் போதும். அதுவரை எந்த வழங்குநரும் தம் பொறுப்பில் இதைச் செய்யத் தயங்குவது இயல்பே; அவர்களை நான் குறை சொல்லவில்லை.

விற்கும்போதே சொல்ல வேண்டியவை

மற்றொரு பொறுப்பு நம்மைப் போன்ற வங்கிகளுடையது. அட்டை விற்கப்படும் இடத்தில், வாங்குபவரின் மொழியில், இரண்டு வாக்கியங்கள் சொல்லப்பட வேண்டும். செயலியில் போடும் பணம் தானாகச் சில்லுக்கு வராது என்பது ஒன்று. சில்லில் ஏற்றிய பணம், அட்டை தொலைந்தால் திரும்பாது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் பக்கக்கணக்கான நிபந்தனைகளில் எங்கோ எழுதப்பட்டிருக்கத்தான் செய்கின்றன. ரஞ்சன்காவ் தொழிலாளிக்கு அவை சென்று சேர்வதில்லை. செயலியும், ‘உங்கள் இருப்பு’ என்று ஒரே எண்ணைக் காட்டாமல், சில்லில் எவ்வளவு, கணக்கில் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். சில்லின் இருப்பு எந்த நாள் வரையிலான பதிவுகளைக் கொண்டது என்பதையும் அருகில் குறிப்பிட வேண்டும்.

வாடிக்கையாளர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. நாள்தோறும் பயணம் செய்பவர் முழுச் சரிபார்ப்புடன் கூடிய அட்டையை வாங்குவதே நல்லது. எப்போதாவது வருபவருக்குப் பெயரற்ற அட்டை போதும். சில்லில் ஒரு வாரப் பயணத்துக்கான தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். வாரம் ஒரு முறை முகப்பில் நிற்கும் சில நிமிடங்கள், தொலைந்தால் இழக்கும் தொகையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அட்டையில் துளையிடாதீர்கள், வளைக்காதீர்கள். கழுத்தில் மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறையில் இட்டு மாட்டுங்கள். அட்டையின் எண்ணை வேறிடத்தில் குறித்து வையுங்கள். பெயரற்ற அட்டைக்கு அந்த எண்ணே உங்கள் முகவரி.

தொலைந்தது தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது கணக்கை முடக்குவது. ஏனெனில் கணக்கில் உள்ளதைத்தான் காப்பாற்ற முடியும். பழுதானால் அட்டையை எறிந்துவிடாதீர்கள். அதுவே உங்கள் சான்று. வழங்கிய நிறுவனத்திடம் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, பதிவு எண் பெறுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். கட்டணம் தவறாகப் பிடிக்கப்பட்டால் மட்டும் முதலில் நிலையத்தின் உதவி முகப்புக்குச் செல்லுங்கள். கதவின் பதிவு அங்கேதான் இருக்கிறது.

துளையிட்ட தம்பிக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ரொக்கம் கேட்கவில்லை, பழைய அட்டையை ஒப்படைத்துவிட்டு, அதே இருப்புடன் புதிய பயண அட்டை தரும்படிதான் கேட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. துளையிட்ட அட்டையை அவர் ஓர் உறையில் இட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதன் சில்லில் 640 ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது.